பிள்ளைகளுக்கு முறைவைத்து வரும் வாந்தி

மாசி மாதத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் நாளுக்காக, சுற்றுப்புறத் தோட்டங்களிலுள்ள பிள்ளைகள் பல நாட்களாகக் காத்திருப்பது வழக்கம். இரத்தோட்டைக்கு மேலேயுள்ள மலைத்தோட்டம் ஒன்றில் வாழும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை உதாரணமாகக் கொள்ளலாம். அவள் அதிகாலையில் எழுந்து, ஆவல் மிகுதியால் காலை உணவை மறுத்து, வளைந்து வளைந்து இறங்கும் பாதையிலே பஸ் ஏறி நகரை அடைகின்றாள். பகல் முழுவதும் வெயிலில் நின்று தேர் பார்க்கின்றாள். நள்ளிரவு கடந்த பின்னரே வீடு திரும்பி உறங்குகின்றாள். மறுநாள் விடியுமுன், ஏறத்தாழ நான்கு மணிக்கு, முகம் வெளுத்து எழுந்து உட்காருகின்றாள். தொப்புளைச் சுற்றி வலிக்கின்றது என்கின்றாள். சிறிது நேரத்தில் வாந்தி தொடங்குகின்றது. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு முறை எடுக்கின்றாள். வயிற்றில் ஒன்றுமில்லாத போதும் ஓங்கரிப்பு நிற்பதில்லை. விளக்கொளியும் பேச்சுக்குரலும் அவளுக்குப் பொறுக்கமுடியாதனவாகின்றன. மறுநாள் மாலை திடீரென வாந்தி நின்றுவிடுகின்றது. எழுந்து சோறு கேட்கின்றாள். அடுத்த நாள் ஒன்றும் நடவாதது போல் ஓடி விளையாடுகின்றாள்.

கோயிலில் உண்ட பலகாரமே காரணம் என்று தந்தை சொல்கின்றார். கண்ணூறு என்று பாட்டி கருதுகின்றாள். அயலவர் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கின்றனர். ஒவ்வொன்றும் செய்யப்படுகின்றது, பிள்ளையும் சுகமடைகின்றாள். ஆனால் அவள் சுகமடைந்தது அவற்றாலன்று. நோய் தன் முறை முடிந்து தானே நீங்கியது. இதனை உணராதபடியால், அடுத்த முறை வரும்போதும் அதே தேடல் முதலிலிருந்து தொடங்குகின்றது.

இந்த நோயின் அடையாளம் ஒரு நாளின் வாந்தியில் இல்லை. பல மாதங்களின் வரிசையில் இருக்கின்றது. மேற்சொன்ன சிறுமிக்கு ஜனவரியில் பாடசாலை தொடங்கிய முதல் வாரத்தில் ஒருமுறை இவ்வாறு வந்திருந்தது. தேர்த் திருவிழாவின் பின் இரண்டாம் முறை வந்தது. வகுப்புப் பிள்ளைகளோடு தம்புள்ளைக்குச் சுற்றுலா சென்று வந்த மறுநாள் மூன்றாம் முறை வந்தது. மூன்று முறையும் விடியற்காலையிலேயே தொடங்கியது. மூன்று முறையும் ஏறத்தாழ ஒன்றரை நாள் நீடித்தது. இடைப்பட்ட வாரங்களில் அவள் முழுச் சுகத்துடன் இருந்தாள். அச்சில் வார்த்தது போல ஒரே வடிவில் வந்து போகும் இதனையே வைத்தியர்கள் முறைவாந்தி நோய் என்று கொள்கின்றனர். வாந்தி குறைந்து, நடுவயிற்று வலியே ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பிள்ளையைப் படுக்கையில் கிடத்துமாயின், அது வயிற்று ஒற்றைத் தலைவலி எனப்படும். இரண்டும் நெருங்கிய உறவினர். ஒரு பிள்ளைக்கே இரண்டின் குறிகளும் கலந்து வருவதுண்டு.

தலைவலி வயிற்றில் வருவது எவ்வாறு என்று வியப்புத் தோன்றலாம். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகளின் வழியாக ஓயாத தொடர்பு இருக்கின்றது. ஒற்றைத் தலைவலி வரும் இயல்புள்ள குடும்பங்களில், வளர்ந்தோருக்குத் தலையில் வெளிப்படும் அதே கோளாறு சிறுவருக்கு வயிற்றில் வெளிப்படுகின்றது. அச்சிறுமியின் தாயை விசாரித்தால், கொழுந்து பறிக்கும் மலையில் வெயில் ஏறும் நாட்களில் தலையின் ஒரு பக்கம் இடித்து, இருட்டறையில் படுத்துவிடுவதாகச் சொல்வாள். வைத்தியருக்கு அது பெருந்துணையான செய்தி. இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ 1882ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பிள்ளைகளிடம் கண்டு எழுதினார். இலங்கையிலும் இது அபூர்வமன்று. வைத்தியப் பேராசிரியர்களான நிரங்கா தேவநாராயணவும் ஷமன் ராஜிந்திரஜித்தும் 10 முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நூறில் ஏறத்தாழ ஒருவருக்கு வயிற்று ஒற்றைத் தலைவலி காணப்பட்டது.

தூண்டுகோல்கள் எவை? உறக்கக் குறைவு, வெறும் வயிறு, நீண்ட பஸ் பயணம், வெயில், தடிமன் காய்ச்சல், மனக்கிளர்ச்சி ஆகியவை முதன்மையானவை. மனக்கிளர்ச்சி என்பது அச்சமும் துயரமும் மட்டுமன்று. மகிழ்ச்சியும் அதில் அடங்கும். பரீட்சைக்கு முன் வந்தால் பிள்ளை நடிக்கின்றது என்று சொல்வோர், திருவிழாவின் பின்னும் அதே வாந்தி வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். தேரையும் சுற்றுலாவையும் கெடுத்துக்கொள்ள எந்தப் பிள்ளையும் நடிப்பதில்லை. எனினும் ஒரே தூண்டுகோல் ஒவ்வொரு முறையும் நோயைக் கொண்டுவருவதில்லை. இரண்டு மூன்று சேரும்போதே பெரும்பாலும் வருகின்றது. ஆதலால் ஒரு கொப்பியில் நோய் வந்த நாள், தொடங்கிய மணி, முடிந்த மணி, முந்திய நாளின் உணவு, உறக்கம், பயணம் ஆகியவற்றைத் தாய் குறித்து வருதல் வேண்டும். மூன்று முறைகளின் குறிப்பு, வைத்தியருக்குப் பல சோதனைகளைவிடப் பயன்படக்கூடும்.

இனி, வீட்டிலே நீர் கொடுக்கும் முறை. நோய் முற்றிய பின் எதைக் கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். வெளுத்த முகம், கொட்டாவி, வாயூறல், ஒளியை வெறுத்தல் என்று முன்குறிகள் தோன்றும் அந்த முதல் நேரமே பொன்னான நேரம். பிள்ளையை இருட்டான, அமைதியான இடத்தில் கிடத்தி உடனே தொடங்க வேண்டும். ஜீவனி என்னும் பெயரில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொடியைப் பொதியில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுவதும் கரைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பொதியைக் கண்ணளவில் கரைத்தல் ஆகாது. பொடி கிடையாத வேளையில், ஒரு லீற்றர் நீருக்குத் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும், அதே போல வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் தீங்கு விளையும். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது.

தாகம் மிகுந்த பிள்ளை கோப்பை நிறையக் கேட்கும். கொடுத்தால் மடமடவென்று குடித்து, மறுகணமே வாந்தி எடுக்கும். ஆகவே தேக்கரண்டியே தாயின் கருவி. அச்சிறுமியின் எடை 20 கிலோ. ஓரளவு நீரிழந்த பிள்ளைக்கு, கிலோ ஒன்றுக்கு 50 மில்லிலீற்றர் வீதம், நான்கு மணி நேரத்தில் ஒரு லீற்றர் கொடுக்க வேண்டும். தேக்கரண்டி ஒன்று 5 மில்லிலீற்றர். முதல் மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடுத்தால் 150 மில்லிலீற்றர் சேரும். தங்கினால், பின்வரும் மூன்று மணி நேரமும் நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடுக்கலாம். மணிக்கு 300 வீதம் 900 ஆகும். மொத்தம் ஒரு லீற்றரைச் சற்றுக் கடந்துவிடுகின்றது. இடையில் வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டியிலிருந்து தொடங்க வேண்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆதலால் அது துணையாகலாமேயன்றி இக்கரைசலுக்கு ஈடாகாது. போத்தலில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேண்டா. பசி திரும்பியதும் உப்பிட்ட அரிசிக்கஞ்சி கொடுக்கலாம்.

இம்முயற்சிக்கு எல்லை உண்டு. நான்கு மணி நேரமாக ஒரு கரண்டியும் தங்கவில்லை. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை. கண் குழிந்து, கண்ணீரின்றி அழுகின்றது. எழுப்பினாலும் சோர்ந்து விழுகின்றது. இவற்றுள் ஒன்று கண்டாலும் நரம்பின் வழியே நீர் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது. மலைத்தோட்டத்திலிருந்து மாத்தளை வைத்தியசாலைக்கு இறங்கவே நேரம் செல்லுமாதலால், அந்த எல்லையை எட்டும்வரை காத்திராமல் முன்னரே புறப்படுவது அறிவுடைமை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

முறைவாந்தி என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால், வேறு நோய் அப்பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் அபாயமும் உண்டு. வாந்தி பச்சை நிறமானால் குடல் முறுக்கேறியிருக்கலாம். அது சத்திர சிகிச்சைக்குரிய அவசரம். இரத்தம் கலந்தாலும், வலி ஒரு பக்கத்தில் நிலைத்தாலும், நடை தள்ளாடினாலும், காலைதோறும் தலைவலியுடன் வாந்தி வந்தாலும், முந்திய நாட்களில் தாகமும் சிறுநீரும் மிகுந்திருந்தாலும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுடன் வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்தால் இந்நாட்டில் டெங்குவை முதலில் எண்ண வேண்டும். அப்போது ஐபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவற்றைத் தொடலாகாது. முதன்முறை வந்த வாந்தியை முறைவாந்தி என்று வீட்டாரே தீர்மானித்தலும் கூடாது.

வைத்தியர் பிற நோய்களை விலக்கி, இந்நோயை உறுதிசெய்த பின், கிளினிக் கொப்பியில் நோயின் பெயரையும், பிள்ளையின் எடையையும், வந்தவுடன் செய்ய வேண்டிய சிகிச்சையையும் எழுதித்தரும்படி தாய் கேட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் பிள்ளையை முன்பின் அறியாத வைத்தியர் ஒருவர் கடமையில் இருந்தாலும், அந்த ஒரு பக்கத்தைப் படித்ததும் குளுக்கோஸ் கலந்த உப்புநீரையும் வாந்தி அடக்கும் மருந்தையும் காலம் தாழ்த்தாமல் தொடங்கிவிடுவார். மாதந்தோறும் வந்து வருத்தும் பிள்ளைகளுக்குத் தினமும் உட்கொள்ளும் தடுப்பு மருந்துகளும் உண்டு. அவற்றைத் தெரிவது வைத்தியரின் பொறுப்பு.

அடுத்த மாசியில் அச்சிறுமியைத் தேர் பார்க்கவிடாமல் வீட்டில் அடைக்க வேண்டுவதில்லை. பஸ் ஏறுமுன் சிறிதளவேனும் உண்ணட்டும். முன் ஆசனத்தில் இருக்கட்டும். உச்சி வெயிலில் உறவினர் வீட்டில் உறங்கட்டும். நேரத்தோடு திரும்பி, படுக்குமுன் ஏதேனும் உண்ணட்டும். அப்படியும் விடியலில் அவள் முகம் வெளுத்து எழுந்தால், தாய் பாட்டியையோ அயலவரையோ தேடி ஓட வேண்டியதில்லை. கரைத்த நீரும் தேக்கரண்டியும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். வாந்தி மூன்று நான்கு முறையோடு ஓயக்கூடும். ஓயாவிடினும், எந்த மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளை இந்த வாந்தி விட்டு நீங்கிவிடுகின்றது. சிலருக்குப் பின்னர் அது தாயினது போன்ற தலைவலியாக மாறக்கூடும். அந்நாள் வரும்போது அதன் பெயரை அச்சிறுமி முன்னரே அறிந்திருப்பாள்.