டிசம்பரில் தேடினால் கிடைக்காது



சிங்கப்பூரில் ஜூரோங் பகுதிக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு பெண்மணியை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். ஆண்டிறுதிப் பணி மதிப்பீட்டின்போது மேலாளர் அவரிடம், “இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். “கடுமையாக உழைத்தேன்” என்றார் அவர். அதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மேலாளருக்கோ அக்டோபரில் ஒரு வாடிக்கையாளருக்குச் சரக்கு தாமதமாகப் போனது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கிடைத்தது சராசரித் தரம்.

மேலாளர் மீது குற்றமில்லை. அண்மையில் நடந்தது பெரிதாகத் தெரியும், பிப்ரவரியில் நடந்தது மறந்து போகும். இது மனித இயல்பு.

மறு ஆண்டு அவர் ஒரு குறிப்பேடு வாங்கினார். வெள்ளிக்கிழமை வேலை முடியும் முன் பத்து நிமிடம் அதற்கென்று ஒதுக்கினார். தேதி, இருந்த சிக்கல், தாம் செய்தது, அதனால் ஏற்பட்ட மாற்றம், அதற்குச் சாட்சியான ஆவணம் எங்கே உள்ளது என்று ஒவ்வொரு குறிப்பிலும் ஐந்தே விவரங்கள். எழுத எதுவும் இல்லாத வாரங்களும் உண்டு. அப்போது பக்கத்தை வெறுமையாகவே விட்டார்.

ஜனவரியில் அவருக்கு வைக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று, தவறான பொருளை அனுப்புவதைக் குறைப்பது. பலரும் மாற்றத்தைச் செய்துவிட்டுப் பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று காட்ட வழி இருக்காது. இவர் முதலில் பழைய நிலையை எண்ணினார். திரும்பி வந்த சரக்குகளின் சீட்டுகளைப் பார்த்தால், மாதத்திற்குச் சராசரியாக 14 தவறுகள். பெரும்பாலானவை ஒரே மாதிரித் தெரியும் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் நேர்ந்தவை. ஏப்ரலில் அவற்றைத் தனித்தனி அடுக்குகளுக்கு மாற்றி, வண்ணச் சீட்டு ஒட்டச் செய்தார். ஜூலையில் தவறுகள் 5 ஆகக் குறைந்தன.

மேலாளர் சும்மா விடவில்லை. “ஆர்டர்களும் குறைந்திருக்கின்றனவே?” என்றார். நியாயமான கேள்விதான். குறிப்பேட்டில் அதற்கும் பதில் இருந்தது. முன்பு மாதம் 2,800 ஆர்டர்களில் 14 தவறு, அதாவது ஆயிரத்திற்கு 5. ஜூலையில் 2,500 ஆர்டர்களில் 5 தவறு, ஆயிரத்திற்கு 2. எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் அந்த இடத்தில் அவர் திணறியிருப்பார். விகிதம்தான் கைகொடுத்தது.

வண்ணச் சீட்டு யோசனை ஓர் இளம் ஊழியருடையது. அதையும் அப்படியே எழுதியிருந்தார். கூட்டு வேலையில் தம் பங்கு எது, பிறர் பங்கு எது என்று பிரித்துக் காட்டுபவரின் மற்றக் கணக்குகளையும் மேலாளர் நம்புவார். ஆகஸ்டில் சரக்குக் கணக்கெடுப்பில் நேர்ந்த பிழையையும், அதைத் திருத்திய விதத்தையும் எழுதியிருந்தார். அக்டோபர் தாமதம் போன்ற ஒன்றை மேலாளரே கிளப்பும் வரை காத்திருக்கவில்லை.

ஒன்றில் மட்டும் அவர் கவனமாக இருந்தார். வாடிக்கையாளர் பெயர், முகவரி உள்ள ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவில்லை. சான்று சேர்க்கப் போய், நிறுவனத்தின் விதியையும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறிய சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? ஆவணத்தின் எண்ணும் அது இருக்கும் கோப்பின் பெயரும் போதும்.

நவம்பரில் குறிப்பேட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்திருந்தன. அத்தனையையும் நீட்டினால் யார் படிப்பார்கள்? ஜனவரி இலக்குகளோடு பொருந்தும் ஆறை மட்டும் எடுத்து ஒரே பக்கத்தில் எழுதினார். அதை மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே மேலாளரிடம் கொடுத்தார்.

ஏன் முன்பே கொடுக்க வேண்டும்? பல நிறுவனங்களில் மேலாளர்கள் ஒன்றுகூடி, எல்லாப் பிரிவு ஊழியர்களின் தரத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். ஊழியரை அழைத்துப் பேசும் நாளில் அநேகமாகத் தரம் முடிவாகியிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஊழியர் இருக்கமாட்டார். அவரை அறியாதவர்கள் முன் அவருக்காகப் பேசப்போவது மேலாளர்தான். அவர் கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்கம்.

இதற்கும் எல்லை உண்டு. நிறுவனம் நட்டத்தில் இருந்தால், எந்தக் குறிப்பேடும் போனஸைக் கூட்டித் தராது. ஆனால் தரத்தில் உடன்பாடு இல்லையென்றால், மதிப்பீட்டுப் படிவத்தில் ஊழியர் கருத்து எழுதும் பகுதியில் வருத்தத்தை எழுதுவதற்குப் பதிலாகத் தேதியும் கணக்கும் எழுதலாம். அந்தப் படிவம் கோப்பில் இருக்கும்.

அந்தப் பெண்மணிக்கு அவ்வாண்டு ஒரு படி மேலான தரம் கிடைத்தது. ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை புதிய குறிப்பேட்டைத் திறந்து, அவ்வாண்டு இலக்குகளின் பழைய நிலையை எண்ணத் தொடங்கினார்.