‘மேற்படி’ எங்கே இருக்கிறது?

(தஞ்சாவூரில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



நம் டெல்டாப் பகுதியில் கொஞ்சம் நிலம் உள்ள வீடுகளில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘௸’ என்று ஒரு குறி அடிக்கடி வரக்கூடும். ‘மேற்படி’ என்பதற்கான தமிழ்க் குறியீடு அது. ஆங்கிலப் பத்திரத்தில் ‘அஃபோர்செட்’ செய்யும் வேலையை நம் பத்திரத்தில் இது செய்கிறது.

பத்திரத்தில் அந்தச் சொல் வீண் அலங்காரமல்ல. எழுதிக்கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், எந்தக் கிராமம், சர்வே எண் என்ன, எத்தனை குழி, எத்தனை மா, கிழக்கே யார் வயல், மேற்கே எந்த வாய்க்கால் என்று ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு ‘மேற்படி நிலம்’ என்றால் அந்த ஒரே நிலம்தான். பக்கத்து வரப்பைத் தாண்டி யாரும் கைகாட்ட முடியாது. முதலில் முழு அடையாளம், பிறகு சுட்டு. இந்த வரிசை இருந்தால்தான் ‘மேற்படி’க்குப் பொருள் உண்டு.

இப்போது பள்ளிகளிலிருந்து போகும் மின்னஞ்சல்களுக்கு வருவோம். நானே புனைந்த ஒரு மாதிரியைப் படிக்கிறேன். ‘21ஆம் தேதி பெய்த மழையில் சத்துணவுக் கூடத்தில் நீர் புகுந்தது. 24ஆம் தேதி பொறியாளர் பார்வையிட்டார். மேற்படி தேதியில் சேதமடைந்த மேற்படி பொருட்களின் பட்டியல் ஹியர்பை இணைக்கப்பட்டுள்ளது.’

மேற்படி தேதி எது? 21ஆ, 24ஆ? மேற்படி பொருட்கள் எவை? மேலே ஒரு பொருளின் பெயர்கூட இல்லை. படிக்கும் அலுவலர் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார். அரிசி மூட்டை நனைந்தபடி கிடக்க, கடிதம் மட்டும் போய் வந்துகொண்டிருக்கும்.

மின்னஞ்சலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பதில் எழுதும்போது பெரும்பாலும் நம் புதிய வரிகள் மேலே நிற்கும். பழைய கடிதம் கீழே போய்விடும். அங்கே ‘மேற்கண்ட கடிதத்தின்படி’ என்று எழுதினால், சொல் மேலே கைகாட்டுகிறது, கடிதமோ கீழே இருக்கிறது. ‘தங்கள் 18ஆம் தேதி மின்னஞ்சலில் கேட்டபடி’ என்று எழுதினால் அது எங்கே இருந்தாலும் கவலையில்லை.

அடுத்தது ‘ஹியர்பை’. ‘இந்த எழுத்தின் வழியாகவே’ என்பது அதன் பொருள். எழுதுவதே செயலாகிவிடும் இடத்தில்தான் அதற்கு வேலை. ஆஸ்டின் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதை ஓர் அடையாளமாகவே எடுத்துக்காட்டினார்: சொல்வதே செய்வதாக அமையும் வாக்கியத்தில் ‘ஹியர்பை’ இயல்பாகப் பொருந்தும். நமக்கு இது புதிதல்ல. ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தண்டோரா போட்டார்களே, அந்த ‘இதனால்’ அசல் ஹியர்பைதான். சொன்ன நொடியில் அறிவிப்பு நடந்துவிட்டது. நியமன ஆணையிலும் சான்றிதழிலும் ‘இதனால் சான்றளிக்கப்படுகிறது’ என்பதிலும் அப்படித்தான். அங்கே அதை நீக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘ஐ ஹியர்பை அட்டாச்’ என்பதில் என்ன நடக்கிறது? கோப்பை இணைப்பது அந்த வாக்கியமல்ல, நம் விரல். ‘இத்துடன்’ என்று பொருள்படும் ‘ஹியர்வித்’ வர வேண்டிய இடத்தில், ஓசை ஒற்றுமையால் ‘ஹியர்பை’ ஏறி உட்கார்ந்துவிட்டது. ‘ஆசிரியர் ஹியர்பை விடுப்பில் இருக்கிறார்’ என்பது இதைவிட மோசம். கடிதம் எழுதியதால் யாரும் விடுப்பில் போவதில்லை. ‘ஹியர்பை தெரிவிக்கிறேன்’ என்பது பிழையல்ல. ஆனால் கடிதம் தெரிவிக்கத்தானே போகிறது, அதைத் தனியாகச் சொல்வானேன்?

‘ஹியர்வித்’ சரியான இடத்தில் வந்தாலும் ஏமாற்றும். தபால் உறையில் பட்டியல் கடிதத்தோடு மடிந்து போனது. ‘இத்துடன்’ என்பது உண்மையாக இருந்தது. மின்னஞ்சலில் ஒரு கடிதத்தை அடுத்தவருக்கு முன்னனுப்பினால் இணைப்பும் கூடவே போகும். பதில் அனுப்பினால் பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் பழைய இணைப்பு உதிர்ந்துவிடும். அதனால் ‘இத்துடன்’ என்ற வரி பத்திரமாகப் போய்ச் சேரும், பட்டியல் போகாது. கோப்பின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எழுதிவிட்டால், விடுபட்டது எது என்று வாங்குபவருக்கு உடனே தெரியும்.

எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லித்தரும்போது ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ‘மேற்படி’ வரும் இடத்திலெல்லாம் அது சுட்டும் பெயருக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்பு இரண்டு இடத்துக்குப் போனாலோ, போக இடமே இல்லாவிட்டாலோ, அங்கே பெயரையே எழுதட்டும். நம் மாதிரிக் கடிதம் இப்படி மாறும்:

‘21ஆம் தேதி மழையில் சத்துணவுக் கூடத்தில் நீர் புகுந்து, இரண்டு மூட்டை அரிசியும் ஒரு மூட்டை பருப்பும் நனைந்தன. பொறியாளர் 24ஆம் தேதி பார்வையிட்டார். சேதப் பட்டியலை, ஒரு பக்கம், இணைத்திருக்கிறேன்.’