எபிசோட் 41: ஃபைல் போச்சு, ஆனா முழுசா போச்சா?

இன்னைக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பத்திப் பேசப் போறேன். ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட். டேட்டாபேஸ்ல இருந்து அன்னைக்கு வந்த ஆர்டரை எல்லாம் ஒரு சி.எஸ்.வி. ஃபைலா எடுத்து, எஸ்.எஃப்.டி.பி. வழியா இன்னொரு கம்பெனிக்கு அனுப்பும். அவ்ளோதான் வேலை. அதுல நான் எப்படி மாட்டுனேன்னு சொல்றேன்.

அப்போ நான் ஆன்லைன்ல மருந்து விக்கிற ஒரு கம்பெனில இருந்தேன். ஆர்டர் எங்ககிட்ட வரும். மருந்தை எடுத்து, பேக் பண்ணி அனுப்புறது வேறொரு குடோன்காரங்க. ராத்திரி 2 மணிக்கு ஒரு கிரான் ஜாப் ஃபைலை எழுத ஆரம்பிக்கும். 2:30-க்கு இன்னொரு கிரான் ஜாப் அதை அனுப்பும். எழுதி முடிக்க வழக்கமா 18 நிமிஷம்தான் ஆகும். அரை மணி நேரம் தாராளம்னு நினைச்சு நான்தான் அப்படி வச்சிருந்தேன்.

ஒருநாள் ஆஃபர் போட்டாங்க. ஆர்டர் எகிறிடுச்சு. மறுநாள் காலையில குடோன்ல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, ஆஃபர்னு சொன்னீங்க, ஆர்டர் ஒண்ணும் அப்படித் தெரியலையே?"

நான் லாகைத் திறந்து பாத்தேன். எக்ஸ்போர்ட் சக்ஸஸ். அப்லோட் சக்ஸஸ். "எங்க பக்கம் எல்லாம் ஓகேண்ணா"ன்னேன். அவர் பக்கமும் லோட் சக்ஸஸ்தான். ஆனா அவங்ககிட்ட இருந்தது 41,377 ஆர்டர். எங்க டேட்டாபேஸ்ல 48,210. நடுவுல 6,833 பேரோட மருந்து காணோம். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அதுல இருக்கு.

என்ன ஆச்சுன்னா, அன்னைக்கு ஃபைல் எழுத 35 நிமிஷம் ஆயிருக்கு. 2:30-க்கு அப்லோட் கிளம்பினப்போ ஃபைல் பாதியில நிக்குது. எஸ்.எஃப்.டி.பி.க்கு அது தெரியாது. ஃபைல்ல அந்த நேரத்துக்கு என்ன இருந்துச்சோ அதை எடுத்துட்டுப் போயிடுச்சு. கடைசி வரி ஒரு முகவரியோட நடுவுலயே அறுந்திருந்தது. குடோன் சாஃப்ட்வேர் அதை "ஒரு தப்பான வரி, தவிர்க்கப்பட்டது"ன்னு எழுதிட்டு மேல போயிடுச்சு.

முதல் திருத்தம் சுலபம். நேரத்தை நம்பி ரெண்டு ஜாப் வைக்கக் கூடாது. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது ஓடணும். ரெண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்ல `&&` போட்டுக் கோத்தாப் போதும்.

இதே பிரச்சினை அந்தப் பக்கமும் இருக்கு. நாம ஏத்திட்டு இருக்கும்போதே அவங்க ஜாப் வந்து ஃபைலைத் திறந்தா, அவங்களுக்குக் கிடைக்கிறதும் பாதிதான். அதனால வேற பேர்ல ஏத்தி, முழுசா ஏறின பிறகு பேரை மாத்துறோம்:

```
set -e
F="$1"
sha256sum "$F" > "$F.sha256"
sftp -b - partner@host <<EOF
cd inbox
put $F.sha256
put $F $F.part
rename $F.part $F
EOF
```

குடோன்காரங்க `*.csv`ன்னு முடியுற பேரை மட்டும்தான் தேடுவாங்க. `.part` அவங்க கண்ணுக்கே படாது. ஒரே ஃபோல்டருக்குள்ள பேர் மாத்துறது ஒரு நொடியில நடக்குற காரியம், பாதி மாறினதுங்கிற நிலைமையே கிடையாது. அதனால `.csv` கண்ணுல பட்டாலே ஏத்தி முடிஞ்சாச்சுன்னு அர்த்தம். செக்சம் ஃபைலும் அதுக்கு முன்னாடியே அங்க போயிருக்கும்.

அந்த `-b` ரொம்ப முக்கியம். அது இல்லாம கமாண்டுகளை இப்படி உள்ள தள்ளினா, `put` தோத்தாலும் எஸ்.எஃப்.டி.பி. அடுத்த கமாண்டுக்குப் போயிடும், கடைசியில எக்ஸிட் கோட் 0-னு சொல்லும். அந்தப் பக்கம் டிஸ்க் நிறைஞ்சிருந்தாக்கூட உங்க லாக்ல சக்ஸஸ்தான் இருக்கும். `-b` போட்டா முதல் தோல்வியிலேயே நின்னு, 0 இல்லாத கோடைத் தரும்.

அடுத்தது செக்சம். "எஸ்.எஸ்.ஹெச். ஏற்கெனவே ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்க்குதே, இது எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வழியில பைட் மாறுறதை அது பிடிச்சிடும். ஆனா அங்க டிஸ்க்ல கடைசியா என்ன உக்காந்திருக்குன்னு அது சொல்லாது. அதைப் பாக்க வாங்குறவங்க அந்த ஃபோல்டர்லயே `sha256sum -c` ஓட்டணும். சரியா இருந்தா ஃபைல் பேருக்குப் பக்கத்துல `OK`ன்னு வரும்.

இப்போ முக்கியமான விஷயம். அந்த ராத்திரி என்கிட்ட செக்சம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் பாதி ஃபைலுக்கே செக்சம் எடுத்திருப்பேன். அதுக்கும் அனுப்புறதுக்கும் நடுவுல ஃபைல் வளராம இருந்தா, அவங்களும் அதே பாதி ஃபைலைச் சரிபார்த்து `OK`ன்னு சொல்லியிருப்பாங்க! நான் அனுப்பினதும் அவங்க வாங்கினதும் ஒண்ணுதான்னு மட்டுமே செக்சம் சொல்லும். அனுப்பினது முழுசான்னு அதுக்குத் தெரியாது.

அதனால ஃபைலோட கடைசி வரியா ஒரு ட்ரெய்லர் வச்சோம்: `TRL,48210`. மொத்தம் எத்தனை ஆர்டர்னு ஃபைலே சொல்லணும். அந்த எண்ணை எழுதின வரிகளை எண்ணி எடுக்காம, டேட்டாபேஸ்ல தனியா ஒரு `COUNT` போட்டு எடுத்தோம். ட்ரெய்லர் இல்லன்னாலும், எண்ணிக்கை ஒத்துப்போகலன்னாலும் குடோன்காரங்க அந்த ஃபைலை மொத்தமா நிராகரிக்கணும். பாதியை ஏத்திட்டு மீதியை விடுற பேச்சே கிடையாது.

இதுலயும் ரெண்டே வாரத்துல அடி வாங்கினேன். ஒருநாள் நல்ல ஃபைலையே நிராகரிச்சுட்டாங்க. ட்ரெய்லர் சொன்ன எண்ணிக்கையை விட 9 அதிகமா இருக்காம். பாத்தா, யாரோ சிலர் முகவரி எழுதும்போது நடுவுல என்டர் தட்டியிருக்காங்க. சி.எஸ்.வி.யில மேற்கோள்குறிக்குள்ள அது செல்லும், ஒரே ரெக்கார்டுதான். ஆனா அவங்க `wc -l` வச்சு வரியை எண்ணியிருக்காங்க. சி.எஸ்.வி. பார்ஸர் வச்சு ரெக்கார்டை எண்ணச் சொன்ன பிறகு சரியாச்சு.

கடைசியா, பதில். இது வரைக்கும் சொன்னது எதுவும் அவங்களுக்குக் கிடைச்சுதான்னு *எனக்கு* சொல்லல. அதனால ஃபைலை ஏத்தி முடிச்சதும் அவங்க `outbox`ல ஒரு சின்ன ஃபைல் போடணும். அதுல மூணே விஷயம்: ஃபைல் பேர், அவங்க கணக்குப் போட்ட செக்சம், அவங்க சிஸ்டத்துல உண்மையா ஏறின ஆர்டர் எண்ணிக்கை. என் பக்கம் 4 மணிக்கு ஒரு ஜாப் அதை எடுத்து ஒப்பிடும். மூணும் ஒத்துப்போனா பேசாம இருக்கும். ஒத்துப்போகலன்னாலோ, பதில் ஃபைலே வரலன்னாலோ என் போன் அடிக்கும். குடோன்ல ஆளுங்க 6 மணிக்குத்தான் வேலையை ஆரம்பிப்பாங்க. திரும்ப அனுப்ப ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. அதே பேர்ல ரெண்டாவது தடவை ஃபைல் வந்தா, ஏற்கெனவே ஏறின ஆர்டரை மறுபடி ஏத்தக் கூடாதுன்னும் பேசி வச்சுக்கிட்டோம். இல்லன்னா ஒருத்தருக்கே ரெண்டு டப்பா மருந்து போயிடும்.

ஆர்டரே இல்லாத நாள்லயும் ஃபைல் போகும், `TRL,0`ன்னு ஒரே வரியோட. இல்லன்னா "இன்னைக்கு ஆர்டர் இல்ல"ங்கிறதுக்கும் "ஜாப் செத்துப்போச்சு"ங்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதுக்கப்புறம் ஒரு நாள் காலையில 4:02-க்கு போன் அடிச்சுது. குடோன் சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சிருந்தது, பதில் ஃபைல் வரல. அந்த அண்ணனை எழுப்பினேன். "தம்பி, முன்னாடி நான் உனக்கு போன் பண்ணுவேன், இப்ப நீ எனக்குப் பண்றியா"ன்னு திட்டிக்கிட்டே இடத்தைக் காலி பண்ணாரு. 5:20-க்கு மூணு விஷயமும் ஒத்துப்போச்சு. அன்னைக்கு எந்த ஆர்டரும் விட்டுப்போகல.

உங்க கம்பெனியிலயும் இப்படி ராத்திரி ஓடுற ஜாப் ஒண்ணு இருந்தா, நாளைக்குப் போய் ஸ்கிரிப்ட்ல `-b` இருக்கான்னு மட்டும் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.