சாய்ந்த கோட்டின் மாறிலி



சேர்வராயன் மலையடிவாரத்தில், இந்தக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கூடியிருக்கும் நாம், பன்னிரண்டாம் வகுப்பில் நடத்துகிற தொலைத்தொடுகோட்டில் ஓரிடத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டுமென விரும்புகிறேன்.

கிடைமட்டத் தொலைத்தொடுகோடு மாணவருக்குச் சிரமம் தருவதில்லை. சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறை, அச்சு செய்ய 60,000 ரூபாயும், ஒவ்வொரு ஜோடிக்கும் கூலியாக 350 ரூபாயும் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். x ஜோடிக்குச் சராசரிச் செலவு (350x + 60000)/x. மேலும் கீழும் x ஆல் வகுத்தால் 350 + 60000/x. x முடிவிலியை நோக்கிப் போகும்போது இரண்டாவது உறுப்பு பூச்சியத்தை நெருங்குகிறது. எனவே கோடு y = 350. தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாக இருந்தால் முதற்கெழுக்களின் விகிதமே விடை; குறைவாக இருந்தால் y = 0.

தொகுதியின் படி ஒன்று கூடினால்தான் சிக்கல். f(x) = (2x² + 3x − 5)/(x + 4) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். இங்கும் பல மாணவர்கள் பழக்கப்படி x ஆல் வகுத்து, தொகுதியில் 2x + 3 − 5/x, பகுதியில் 1 + 4/x என எழுதுகிறார்கள். 5/x, 4/x இரண்டையும் பூச்சியமாக்கி, y = 2x + 3 என்று முடித்துவிடுகிறார்கள். சாய்வு சரி, மாறிலி தவறு. பகுதியில் இருக்கும் 4/x சிறியதுதான். ஆனால் அதன் எதிரே நிற்கும் 2x எல்லையின்றி வளர்கிறது. இரண்டின் பெருக்கம் 8. அது x எவ்வளவு பெரிதானாலும் தேய்வதே இல்லை.

முறையாகச் செய்ய இரண்டு எல்லைகள் வேண்டும். முதலில் f(x)/x இன் எல்லை: m = 2. அடுத்து f(x) − 2x இன் எல்லை. ஒரே பகுதிக்குக் கொண்டுவந்தால் (−5x − 5)/(x + 4) கிடைக்கிறது. அதன் எல்லை −5. ஆகவே கோடு y = 2x − 5. மாணவர் தவறவிட்ட 8 இதோ: 3 − 8 = −5.

சரிபார்க்க x = 96 என இடுங்கள். சார்பின் மதிப்பு 18715/100, அதாவது 187.15. சரியான கோடு 187 தருகிறது. தவறான கோடு 195. நெடுவகுத்தலில் மீதி 15 வருவதால், வளைவரைக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு 15/(x + 4). x = −104 இல் அது −0.15; இடக்கோடியில் வளைவரை கோட்டுக்குக் கீழே ஓடுகிறது. மீதி 15 ஒருபோதும் பூச்சியமாகாது என்பதால் இரண்டும் வெட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் இதைப் பொதுவிதியாகச் சொல்லிவிடக் கூடாது: x/(x² + 1) தன் தொலைத்தொடுகோடான y = 0 ஐ ஆதிப்புள்ளியிலேயே வெட்டுகிறது.

விகிதமுறு சார்புக்கு இரு கோடியிலும் ஒரே கோடுதான். வர்க்கமூலம் நுழைந்தால் அந்த உறுதி போய்விடும்: √(x² + 1)/x வலப்புறம் 1 ஐயும் இடப்புறம் −1 ஐயும் நெருங்குகிறது. ஆகவே −∞ இல் எல்லை காண்பதைத் தனிக் கணக்காகவே முதல் நாளிலிருந்து செய்யவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.