நகை உங்களுடையது, வரலாறு யாருடையது?

பூ மார்க்கெட் வேலையை முடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நிலக்கோட்டைத் தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் அண்ணன்மார்களே!

"எம் பேருல ஒத்த ரூவா கடன் கெடையாது." நம் ஊரில் ஒரு பெண் தலைநிமிர்ந்து சொல்கிற பேச்சு இது. மானத்தோடு வாழ்ந்ததற்குச் சாட்சி. ஆனால் அதே பெண் நாளைக்கு ஒரு தையல் மெஷினுக்காகவோ, மகளின் நர்சிங் படிப்புக்காகவோ வங்கி மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? மேலாளர் பான் நம்பரைக் கணினியில் தட்டுகிறார். திரையில் -1 என்று வருகிறது, அல்லது NH என்று வருகிறது. இவர் கெட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. இப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்று பொருள். இருபது வருஷம் குடும்பத்தை நடத்தியவரைப் பார்த்துக் கணினி சொல்கிற பதில் இது!

இந்தியாவில் கடன் வரலாற்றுப் பதிவேட்டை நான்கு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாருக்குக் கடன் கொடுத்தோம், அவர் தவணையைத் தேதிக்குக் கட்டினாரா என்று இவர்களுக்கு அனுப்புகின்றன. அதை வைத்து 300-இலிருந்து 900 வரை ஒரு மதிப்பெண். சிபில் ஸ்கோர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இந்த ஏட்டில் ஏறாதவற்றைக் கவனியுங்கள். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு போட்டாலும் ஏறாது. சீட்டுக்குத் தவறாமல் கட்டியது ஏறாது. பூக் கமிஷன் கடையில் வாங்கிய முன்பணம், மல்லிகை போட்டே கழித்தாலும் ஏறாது. தெருமுனை அடகுக் கடையில் வைத்து மீட்டதும் ஏறாது. நம் பெண்களின் நாணயம் முழுவதும் இந்த ஏறாத பக்கத்திலேயே இருக்கிறது.

ஏறுகிற பக்கத்துக்கு வருவோம். அங்கேதான் வேடிக்கை. மல்லிகைத் தோட்டத்துக்கு உரம் வாங்க வேண்டும், மோட்டார் பழுது பார்க்க வேண்டும். கழுத்தில் கிடக்கும் செயினைக் கழற்றிக் கொடுப்பது யார்? நீங்கள். வங்கியில் கையெழுத்துப் போடுவது யார்? வீட்டுக்காரர். விவசாய நகைக் கடன் என்றால் பட்டா, சிட்டா கேட்பார்கள்; நிலம் அவர் பெயரில் இருக்கிறது, அதனால் கடனும் அவர் பெயரில். பூ விற்ற காசில் வட்டி கட்டி மீட்பது இரண்டு பேரும். ஒழுங்காகக் கட்டினார் என்ற நல்ல பெயர் அவருக்கு மட்டும். நகை உங்களுடையது, வரலாறு அவருடையது.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் டிராக்டருக்குக் கடன் வாங்கும்போது, "இந்தா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று ஜாமீன் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கடன் உங்கள் ஏட்டிலும் ஏறும். அவர் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண்ணும் விழும். நல்லது நடந்தால் அவர் கணக்கு, கெட்டது நடந்தால் இரண்டு பேர் கணக்கு! ஜாமீன் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதில் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள். அந்தத் தவணை கட்டியாகிவிட்டதா என்று மாதா மாதம் கேளுங்கள்.

"வீட்டுக்காரர் நல்லாத்தானே வச்சிருக்காரு, எனக்கெதுக்குத் தனியா?" என்று ஒரு அக்கா கேட்கலாம். வீட்டுக்காரர் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் 750 வைத்திருந்தாலும் அந்த 750 அவரோடு போய்விடும். வீட்டை எழுதி வைக்கலாம், நிலத்தை எழுதி வைக்கலாம், சிபில் ஸ்கோரை யாரும் யாருக்கும் உயில் எழுத முடியாது. பிள்ளையின் கல்விக் கடனுக்குப் பெற்றவரும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் ஏட்டைத்தான் வங்கி பார்க்கும்.

சரி, சம்பளச் சீட்டு இல்லாத இல்லத்தரசி எங்கிருந்து தொடங்குவது? 2023 செப்டம்பர் 15 முதல் நம் மாநிலத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். அந்த ஆயிரத்தைச் செலவழிக்காமல் தொடர் வைப்பில் போட முடிகிற ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாத வீடு ஐநூறு போடட்டும், காலம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் 24,000, வட்டியோடு ஏறத்தாழ 25,000. அதை நிரந்தர வைப்பாக மாற்றி, அதையே ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன. வருமானச் சான்று கேட்பதில்லை, ஏனென்றால் பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச வைப்புத்தொகை வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். வைப்பில் நூற்றுக்கு எண்பது என்று வைத்தால் கார்டின் வரம்பு 20,000.

இப்போது கவனம் வேண்டும். வரம்பு இருபதாயிரம் என்பதற்காக இருபதாயிரமும் எடுக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குள், ஆறாயிரத்தைத் தாண்டாமல் வைத்திருந்தால் மதிப்பெண்ணுக்கு நல்லது. எப்படியும் வாங்கப்போகிற கேஸ் சிலிண்டர், மளிகை என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு மட்டும் கார்டைத் தேயுங்கள். பில் வந்ததும் கடைசித் தேதிக்கு முன்னால் முழுத்தொகையும் கட்டிவிடுங்கள். ஒரு பைசா வட்டி இல்லை. ஆறு மாதம் இப்படிப் போனால் பொதுவாக உங்கள் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் வந்து உட்காரும்.

கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 100' என்று போட்டிருப்பான். அட, நூறுதானே என்று அதை மட்டும் கட்டினால் பாக்கி 1,900. மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி என்று வைத்துக்கொண்டால் 66 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதைவிடக் கொடுமை, அடுத்த மாதம் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். கார்டுக்காரன் பில்லில் வந்து நிற்பான். முழுதாகக் கட்ட முடியாது என்று தோன்றினால் கார்டே வேண்டாம்.

கணவர் தன் கார்டில் கூடுதலாக ஒன்று எடுத்து, "இது உனக்கு" என்று கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கும் கட்டும் பொறுப்பும் அவருடையவை. அதை நம்பி உங்களுக்கு வரலாறு இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு ஏடு வெறுமையாகவே இருக்கும். காரணம் இனிஷியல்! கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எழுத்து, கல்யாணத்துக்குப் பின்னால் வீட்டுக்காரர் எழுத்து. பான் கார்டிலோ, கல்யாணமான பெண்ணுக்கும் அப்பா பெயர்தான். கணவர் பெயருக்கு அங்கே இடமே கிடையாது. ஆதாரில் கணவர் பெயர். பாஸ்புக்கில் வேறொன்று. கடன் பதிவேட்டு நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, பான், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துத்தான் இது இன்னார் என்று முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக இருந்தால் ஒரே பெண் இரண்டு பேராகிவிடுவார். அல்லது வேறொருவர் கடன் உங்கள் தலையில் ஏறும். போன் நம்பரையும் பாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வீட்டுக்காரர் நம்பர் இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும், உங்கள் அறிக்கையை நீங்களே திறக்க முடியாது. ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி, உங்கள் கையில் இருக்கும் நம்பர். கார்டுக்கு மனு போடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது.

அறிக்கையைப் பார்க்கக் காசு வேண்டாம். 2017 முதல் நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்து வங்கியில் கடன் கேட்டால்தான் குறையும். அதில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டம் இருக்கும். 000 என்றால் தேதிக்குக் கட்டியாயிற்று. 030 என்றால் முப்பது நாள் தாமதம். உங்களுடையது அல்லாத கடனோ, கட்டியும் கட்டாததாகக் காட்டுவதோ இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை.

மகளிர் குழுவில் இருக்கும் அக்காமார் ஒன்று கேட்க வேண்டும். குழுக் கடன் குழுவின் பெயரில் வருகிறது. அதில் உங்கள் பங்கை நீங்கள் கட்டியது உங்கள் பெயரில் ஏறுகிறதா? 2016 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி, உறுப்பினர் வாரியான கடன் விவரத்தையும் அனுப்பச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2025 பட்ஜெட்டில், குழுப் பெண்களுக்காகவும் கிராம மக்களுக்காகவும் 'கிராமின் கிரெடிட் ஸ்கோர்' என்ற முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு டெல்லியில் இருக்கிறது. உங்கள் பான், ஆதார் விவரம் குழுவின் கடன் மனுவில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஊக்குநர், பிரதிநிதி கையில் இருக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 2022-இல் வந்த விதிப்படி, கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரும் ஒரு குடும்பம். எல்லார் தவணையும் சேர்த்துக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே உங்கள் மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் கடன் அதிகமானால் அந்தக் கதவு சாத்தப்படும். கடனில் மூழ்க விடாமல் தடுக்கிற விதி என்பதால் எனக்கு அதில் குறை இல்லை.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் வந்த கதை அல்ல. அமெரிக்காவில் கணவர் கையெழுத்து இல்லாமல் கல்யாணமான பெண்ணுக்குக் கடன் மறுப்பதைத் தடுக்க 1974-இல்தான் சட்டம் வந்தது. அதன் விதிகள் ஒரு படி மேலே போய், இருவரும் பயன்படுத்தும் கணக்கை இருவர் பெயரிலும் பதியச் சொல்லின. இங்கே அப்படி ஒரு விதி இல்லை. நம் ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னது, முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று. மேலாளர் -1 என்று சொல்லிக் கையை விரித்தால் இந்த வரியை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, அடுத்த முறை நகையை வங்கியில் வைக்கப் போகும்போது நிலத்துப் பத்திரம் தேவையில்லாத சாதாரண நகைக் கடனுக்கு என்ன வட்டி என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் ஒரே ஒரு நகையையாவது உங்கள் பெயரில் வையுங்கள், தேதிக்குள் மீட்டுவிடுங்கள். பின்வரிசை அண்ணன்மார்களே, அன்றைக்கு கவுன்டரில் அவரை முன்னால் நிற்க விடுங்கள்.