நரியின் குரலும் காகத்தின் குரலும்: ஒலிப்பாடங்களில் வாசிப்பைச் சமன்செய்தல்

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் கதைகளையும் உரைநடைப் பாடங்களையும் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்கிறோம். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு அதுவே பாடநூல். பல நாள் பள்ளிக்கு வராத மாணவருக்கு அதுவே வகுப்பு. இப்பதிவுகளில் பெரும்பாலும் வரும் குறை ஒன்று உண்டு. மெதுவாகச் சொன்ன சொற்றொடர் காதில் விழுவதில்லை; உரக்கச் சொன்னது காதை அறைகிறது. பிள்ளை ஒலியைக் கூட்டுகிறது, உடனே குறைக்கிறது, மறுபடி கூட்டுகிறது. இதற்கிடையில் கதை போய்விடுகிறது.

இதைச் சரிசெய்யும் கருவிக்குக் கம்ப்ரஸர் என்று பெயர். அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் இரண்டு புதிய குறைகள் முளைக்கும். மூச்சிழுக்கும் ஓசை பெரிதாகும். இடைவெளிதோறும் மின்விசிறியின் இரைச்சல் பொங்கி அடங்கும். ஒலித் துறையினர் இதைப் பம்பிங் என்பார்கள். இவ்விரண்டும் வராமல் குரலைச் சமன்செய்வது எப்படி என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். கதை சொல்பவர் இயல்பான குரலில் வாசிக்கிறார். காகம் 'கா, கா' என்று உரக்கக் கத்துகிறது. நரி குழைந்து, மெல்லிய குரலில் புகழ்கிறது. கதையின் முடிச்சு நரியின் பேச்சில்தான் இருக்கிறது. அது கேட்காவிட்டால் வடை ஏன் கீழே விழுந்தது என்பதே பிள்ளைக்குப் புரியாது.

கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் இப்பதிவைத் திறந்து, ஓடவிட்டு, ஒலிமானியைப் பாருங்கள். அதன் வலக்கோடியில் 0 இருக்கும். அதுவே உச்சவரம்பு, அதைத் தாண்டினால் குரல் கிழியும். இடப்புறம் செல்லச் செல்ல ஒலி குறைகிறது. நம் பதிவில் காகம் -6 டெசிபலையும், இயல்பான வாசிப்பு -14 ஐயும், நரி -22 ஐயும் தொடுவதாகக் கொள்வோம். மூச்சோசை -38 இல் இருக்கிறது. யாரும் பேசாத இடத்தில் மின்விசிறி -54 இல் ஓடுகிறது. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் மெல்லிய குரலைத் தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உரத்த குரலை அமுக்கும் கருவி. நாம் ஒரு எல்லைக்கோடு போடுகிறோம். திரையில் அது Threshold என்று இருக்கும். அக்கோட்டைத் தாண்டும் ஒலியை எந்த விகிதத்தில் அமுக்குவது என்பதை Ratio சொல்கிறது. 4 என்று வைத்தால், கோட்டுக்கு மேலே 4 டெசிபல் எழும் ஒலி 1 டெசிபல் மட்டுமே எழும். அமுக்கியதால் உரத்த ஒலி தாழ்ந்துவிடுவதால், இறுதியில் மொத்தத்தையும் ஒரே அளவில் உயர்த்துகிறோம். அதற்குப் பெயர் Make-up gain. மெல்லிய குரல் உயர்வது இந்தக் கடைசிப் படியில்தான். அப்போது மூச்சும் மின்விசிறியும் கூடவே உயர்கின்றன.

எல்லா வேலையையும் கம்ப்ரஸரிடமே விட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். கோடு -22, விகிதம் 4. காகம் கோட்டுக்கு மேல் 16 டெசிபல் இருந்தது. இப்போது 4 மட்டுமே இருக்கும். அதாவது -18. அமுக்கிய அளவு 12 டெசிபல். அந்த 12 ஐ மொத்தத்துக்கும் திருப்பிக் கொடுத்தால் காகம் -6, நரி -10. இருவரும் நெருங்கிவிட்டார்கள். ஆனால் மூச்சு -38 இலிருந்து -26 க்கும், மின்விசிறி -54 இலிருந்து -42 க்கும் ஏறிவிட்டன. இயல்பான வாசிப்பு -8 க்கு வந்திருக்கும். முன்பு வாசிப்புக்கும் மூச்சுக்கும் இடையே 24 டெசிபல் தூரம் இருந்தது. இப்போது 18 தான். கேட்பவருக்கு, வாசிப்பவர் மாடிப்படி ஏறிவந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

பம்பிங்கும் இங்கேதான் பிறக்கிறது. காகம் கத்தும்போது கருவி 12 டெசிபல் அமுக்குகிறது. குரலோடு மின்விசிறியின் ஓசையும் அமுங்குகிறது. கத்தி முடிந்ததும் கருவி பிடியைத் தளர்த்துகிறது. அந்த இடைவெளியில் மின்விசிறி 12 டெசிபல் எழும்பி வருகிறது. அடுத்த சொல் வந்ததும் மீண்டும் அமுங்குகிறது. காற்று வீசும் பக்கம் ஒரு கதவைத் திறந்து திறந்து மூடுவது போன்ற ஓசை இது. ஆக, மூச்சோசைக்கும் பம்பிங்குக்கும் வேர் ஒன்றே: கருவி ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி அமுக்குவது.

எனவே பெரிய வேறுபாட்டை முதலில் கையால் குறைத்துவிட வேண்டும். மீதியுள்ள சிறிய வேறுபாட்டை மட்டும் கருவியிடம் கொடுக்க வேண்டும்.

காகத்தின் வரிகளைத் தேர்ந்தெடுத்து, Effect பட்டியில் Volume and Compression என்பதன் கீழுள்ள Amplify மூலம் -7 கொடுங்கள். காகம் -13 க்கு வரும். நரியின் வரிகளுக்கு +5 கொடுங்கள். நரி -17 க்கு வரும். இயல்பான வாசிப்பைத் தொட வேண்டாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உரத்த வரியைத் தாழ்த்தும்போது அதற்கு முந்தைய மூச்சையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள், மூச்சும் தாழும். மெல்லிய வரியை உயர்த்தும்போது மூச்சை விட்டுவிட்டு, முதல் எழுத்து தொடங்கும் இடத்திலிருந்து கடைசி எழுத்து முடியும் இடம்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூச்சு உயராது. மின்விசிறியின் ஓசை 5 டெசிபல் மாறுவதையும் அந்தக் குரலே மறைத்துவிடும். தேர்வின் விளிம்பு வெற்றிடத்தில் விழுந்தால், அங்கே மின்விசிறி திடீரென்று கூடுவது தெளிவாகக் கேட்கும்.

இன்னும் உறுத்தும் மூச்சு இருந்தால், அதை மட்டும் தேர்ந்தெடுத்து 6 முதல் 8 டெசிபல் வரை குறைக்கலாம். அடியோடு வெட்டிவிடாதீர்கள். மூச்சை நீக்கி முழு அமைதியை வைத்தால் மின்விசிறியின் ஓசையும் அங்கே அறுந்துபோகும். ஒலி நின்றுவிட்டதோ என்று கேட்பவர் திடுக்கிடுவார். மூச்சே இல்லாத வாசிப்பு இயற்கையாகவும் இருக்காது.

இனி கம்ப்ரஸர். ஆடாசிட்டி 3.6 முதல் இது புதிதாக அமைக்கப்பட்டுள்ளது. பதிவை ஓடவிட்டுக்கொண்டே அளவுகளை மாற்றிக் கேட்கலாம். நம் கதைக்கு Threshold -17, Ratio 2 போதும். காகம் கோட்டுக்கு மேல் 4 டெசிபல் இருந்தது. இனி 2 தான். -15 இல் நிற்கும். இயல்பான வாசிப்பு ஏறத்தாழ அதே இடத்துக்கு வரும். நரி -17 இலேயே இருக்கும். கருவி அமுக்கியது வெறும் 2 டெசிபல். Make-up gain இலும் அந்த 2 ஐ மட்டும் கொடுங்கள். வாசிப்புக்கும் மூச்சுக்கும் இடையிலான தூரம் 24 இலிருந்து 22.5 ஆகிறது, காதுக்கு அது பெரிய வேறுபாடாகத் தெரியாது. முன்பு 16 டெசிபல் விலகியிருந்த காகமும் நரியும் இப்போது 2 டெசிபலுக்குள் வந்துவிட்டன.

இன்னும் இரண்டு அளவுகள் இருக்கின்றன. Attack என்பது கருவி எவ்வளவு விரைவில் பிடிக்க வேண்டும் என்பது. 10 முதல் 20 மில்லி விநாடி வரை வாசிப்புக்குப் பொருந்தும். அதைவிட மிகக் குறைத்தால் க், ட், ப் போன்ற வல்லின எழுத்துகளின் கூர்மை மழுங்கும். 100 க்குக் கொண்டுபோனால் முதல் அசை பிடிபடாமல் துள்ளிவிடும்.

Release என்பது எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்பது. 50 மில்லி விநாடி என்று வைத்தால், சொல்லுக்குச் சொல் உள்ள சிறிய இடைவெளியிலேயே கருவி விட்டுவிட்டுப் பிடிக்கும், பம்பிங் கூடும். 1000 வரை கொண்டுபோனால், காகம் கத்தி முடித்த பிறகும் பிடி உடனே தளராது. அடுத்து வரும் நரியின் முதல் சொற்கள் அமுங்கியே ஒலிக்கும். 200 முதல் 300 வரை வைத்துக் கேளுங்கள். வாக்கியத்துக்குள் பிடி பெரும்பாலும் தளராமல், வாக்கிய முடிவில் மெல்லத் தளரும். மற்ற அளவுகளை அப்படியே விட்டுவிடலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, சொற்களைக் கேட்காதீர்கள், இடைவெளிகளைக் கேளுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உரத்த வாக்கியம் முடிந்த பின் வரும் ஒரு விநாடியில் மின்விசிறியைக் கவனியுங்கள். அது எழும்பி வந்தால் Ratio ஐயோ, கையால் செய்யும் சமனையோ திருத்த வேண்டும். பிறகு கைப்பேசியில் ஒலியைக் குறைத்து வைத்து, நான்கடி தள்ளி நின்று கேளுங்கள். நரி சொல்வது புரிய வேண்டும். கருவியை நிறுத்தியும் இயக்கியும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் இருக்கட்டும். உரக்கக் கேட்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

இறுதியாக, முழுப் பதிவையும் Loudness Normalization மூலம் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே எண்ணை வையுங்கள். உச்சம் 0 ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்குப் போகும் பிள்ளை ஒலியை மாற்ற வேண்டியிருக்காது.

கருவியால் முடியாததும் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்த வரியை எவ்வளவு உயர்த்தினாலும் அது தூரத்திலிருந்தே ஒலிக்கும். ஒரு வரியை 6 டெசிபலுக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால், அந்த வரியை மட்டும் மீண்டும் வாசித்துவிடுவது நல்லது. மெல்லிய குரல் வேண்டுமென்றால் கைப்பேசியைச் சற்று அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டிய இடத்தில் அரையடி பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசித்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

நரியையும் காகத்தையும் முற்றிலும் ஒரே அளவாக்கிவிடவும் வேண்டாம். அந்த 2 டெசிபல் அப்படியே இருக்கட்டும். குழைவது குழைவாகவும், கத்துவது கத்தலாகவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இரண்டும் காதில் விழவும் வேண்டும்.

இப்போது உங்கள் பதிவு ஒன்றைத் திறந்து, அந்த ஐந்து எண்களையும் குறியுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.