குறைத்துப் போட்ட காப்புறுதி

கடன் வாங்கித் தாமானில் வீடு வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அதில் 'எவரேஜ்' என்றொரு விதி இருக்கிறதா என்று பார்த்தோமா?

கணக்கைக் கேளுங்கள். ஒரு வீடு அடியோடு எரிந்தால் மறுபடி கட்ட 200,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் தம் பாங்கிக் கடன் 120,000 வெள்ளிதானே என்று அந்தத் தொகைக்கே காப்புறுதி எடுத்தார். அடுப்படியில் தீப்பிடித்து 30,000 வெள்ளி நஷ்டம். "120,000க்கு உட்பட்ட நஷ்டம்தானே, முழுவதும் வந்துவிடும்" என்று நம்பினார். வருவதோ 18,000 வெள்ளிதான்!

காரணம் என்ன? 200,000 பெறும் வீட்டில் ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் அவர் பிரீமியம் கட்டினார். மீதி இரண்டு பங்குக்கு அவரே பொறுப்பு என்கிறது அந்த விதி. எந்தச் சிறு நஷ்டத்தையும் இதே விகிதத்தில் பங்கிடுவார்கள். ஆகவே 12,000 வெள்ளி அவர் கையிலிருந்து போகிறது.

காப்புறுதித் தொகைக்கு அளவு கடன் பாக்கியல்ல, வாங்கிய விலையுமல்ல. விலையில் நிலமும் சேர்ந்திருக்கும், நிலம் எரியாது. இடிபாடு அகற்றும் செலவு உட்பட, இன்றைய கூலியில், இன்றைய சாமான் விலையில் வீட்டை மறுபடி கட்ட ஆகும் தொகையே அளவு. பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியையும் சேர்க்க வேண்டும்.

கட்டுமானச் செலவு ஏற ஏற, பழைய தொகை தானே குறைந்த காப்புறுதியாகி விடும். ஆகையால் ஆண்டுதோறும் புதுப்பிக்குமுன் ஒரு குத்தகைக்காரரிடம் சதுர அடிக்கு என்ன செலவாகும் என்று கேட்டுக் கணக்குப் போடுவோம்.